கறுப்பு டை வேண்டாம், 3-ஆம் எண் ஷேடைப் பாருங்கள்

கேள்வி: என் முடி கரும்பழுப்பு, தூரத்தில் பார்த்தால் கறுப்பு. நெற்றியோரத்திலும் காதோரத்திலும் நரை. கறுப்பு டை அடித்தால் விக் வைத்ததுபோல் இருக்கிறது, பிரவுன் அடித்தால் நரை செம்பட்டையாகத் தெரிகிறது. எந்த ஷேடு இயல்பாக இருக்கும்?

பதில்:

பெட்டியில் உள்ள பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். நிரந்தர டைகளில் பெரும்பாலும் 1 என்பது கறுப்பு, 3 அடர்பழுப்பு, 4 நடுத்தரப் பழுப்பு. எண் ஏற ஏற நிறம் வெளுக்கும். உங்களுக்கு 3-ஆம் எண், அதிலும் '3.0' அல்லது '3N' என்று குறித்த இயற்கை ஷேடுதான் முதலில் பார்க்க வேண்டியது. புள்ளிக்குப் பின் வேறு எண் இருந்தால் சிவப்போ பொன்னிறமோ சாம்பலோ கலந்திருக்கும். அவற்றைத் தனியாகப் பூசினால் நரை சரியாக மூடாது. நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிய வேறுபாடு உண்டு என்பதால் கடையில் இருக்கும் மாதிரி முடிக்கற்றை அட்டையையும் கேட்டுப் பாருங்கள்.

கறுப்பு ஏன் விக் போலத் தெரிகிறது? உதிர்ந்த முடி ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து வெயிலில் பாருங்கள். நாம் கறுப்பென்று நினைப்பது அடர்பழுப்பாக இருக்கும், நுனி இன்னும் வெளுத்திருக்கும். ஒரு தலைக்குள்ளேயே இப்படிப் பல நிறங்கள் இருக்கின்றன. டை அவை அத்தனையையும் ஒரே நிறமாக்கிவிடும்; அதுவும் 1-ஆம் எண் என்றால் வெளிச்சத்தைத் திருப்பித் தராத தட்டையான கறுப்பு. பழுப்பில் நேர்வது வேறு. நரைமுடியில் அடியில் நிறமி இல்லை, ஆகவே டையின் நிறம் அப்படியே தெரியும். பக்கத்துக் கறுமுடியில் அதே 4-ஆம் எண் ஏறக்குறைய தெரியவே தெரியாது. அதனால்தான் நரை மட்டும் கோடு கோடாகச் செம்பட்டையாகிறது. இரண்டுக்கும் இடையில் நிற்பது 3.

என் அக்காவுக்கு நான்தான் ஐந்து வருடமாக டை அடிக்கிறேன். அவருக்கும் உங்களைப் போன்ற முடிதான், முன்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு நரை. முதலில் 3.0 மட்டும் பூசினோம். வீட்டுக்குள் நன்றாக இருந்தது, மொட்டைமாடி வெயிலில் நெற்றியோர நரை மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. அடுத்த முறை அதே நிறுவனத்தின் 3.0 மூன்று பங்கு, 1.0 ஒரு பங்கு என்று கலந்தேன். பொருந்திவிட்டது. கறுப்பை இதற்கு மேல் கூட்டாதீர்கள், அது மற்ற நிறத்தை விழுங்கிவிடும்.

கலவை எதுவானாலும் முழுத் தலைக்கும் போகும் முன், காதுக்குப் பின்னால் நரை கலந்த சிறு கற்றையில் மட்டும் பூசி, பெட்டியில் சொன்ன நேரம் வைத்து, அலசி, காயவைத்து, காலை வெயிலில் பாருங்கள். ஈரமுடி எப்போதும் கறுப்பாகத்தான் தெரியும், அதை நம்ப வேண்டாம். ஐயமாக இருந்தால் வெளுத்த ஷேடிலேயே நில்லுங்கள். வெளுப்பாகிவிட்டால் அடுத்த முறை அடர்த்தியாக்கலாம். கறுப்பாகிவிட்டால் அதன்மேல் பூசும் பழுப்பு டை அதை வெளுக்காது. பெரும்பாலும் முடி வளர்ந்து வெட்டும்வரை காத்திருக்க வேண்டிவரும்.

டையோடு கலக்கும் டெவலப்பர் 6 சதவீதம், அதாவது 20 வால்யூம், இருக்கட்டும். 3 சதவீதத்தில் நரை முழுதாக மூடாமல் போகலாம். நெற்றியோர நரை முரடாக இருந்து நிறத்தை எளிதில் ஏற்காது, ஆகவே அங்கிருந்து பூசத் தொடங்குங்கள், அதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

ஷேடு சரியாக இருந்தும் ஓராண்டில் முடி கன்னங்கரேலென்று ஆவதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் நுனிவரை பூசுவது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் டை போதும். நுனி மங்கியிருந்தால் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் சீப்பால் இழுத்துவிடுங்கள். அக்காவின் பின்னல் நுனி ஒரு காலத்தில் இப்படித்தான் மை போலக் கறுத்துக் கிடந்தது. நான்கு விரல் நீளம் வெட்டிய பிறகுதான் சரியானது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். அடர்நிற டைகளில் பிபிடி என்ற வேதிப்பொருள் பொதுவாக இருக்கும். 'கறுப்பு மருதாணி' என்று விற்கும் பல பொடிகளிலும் அது இருக்கிறது. பெட்டியில் சொன்னபடி முழங்கை மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ சிறிது தடவி 48 மணி நேரம் பாருங்கள். இதுவரை ஒன்றும் ஆகாதவர்களுக்கும் திடீரென ஒவ்வாமை வரலாம். அரிப்போ வீக்கமோ சிவப்போ தெரிந்தால் அந்த டை உங்களுக்கு வேண்டாம், ஷேடு எவ்வளவு பொருந்தினாலும்.