3டி பிரிண்ட் செய்த மூடி பாதியில் இறுகினால்: இடைவெளிக்கு முன் மரையின் வடிவத்தைப் பாருங்கள்

கேள்வி: பிஎல்ஏ-வில் 60 மி.மீ. டப்பாவும் மூடியும் பிரிண்ட் பண்ணினேன். செவ்வக மரை, பிட்ச் 4 மி.மீ. ஒன்றரைச் சுற்று போய் இறுகிவிடுகிறது. ஸ்லைசரில் மூடியை 2% பெரிதாக்கியும் சரியாகவில்லை. எவ்வளவு இடைவெளி விடணும்?

பதில்: 2% பெரிதாக்கியபோது மூடியின் பிட்சும் 4.08 ஆகிவிட்டது. டப்பாவில் இன்னும் 4 தான். சுற்றுக்குச் சுற்று 0.08 மி.மீ. விலகல் சேர்ந்துகொண்டே போகும். உயரத்தை விட்டுவிட்டு அகலத்தை மட்டும் பெரிதாக்கினாலும் பெரிய பயனில்லை. செவ்வக மரையின் மேல்முகமும் அடிமுகமும் படுக்கையாக இருப்பதால், விட்டத்தில் எவ்வளவு கூட்டினாலும் மேலும் கீழும் இடம் கிடைக்காது. போதாக்குறைக்கு, அந்த அடிமுகம் தாங்கலில்லாமல் அந்தரத்தில் பிரிண்ட் ஆவதால் இழை தொங்கி, இருக்கிற இடத்தையும் அடைத்துவிடும்.

அதனால் பக்கங்களை 45 டிகிரி சாய்வாக்குங்கள். சப்போர்ட் இல்லாமல் சுத்தமாக வரும். விட்டத்தில் விடும் இடைவெளி மேல்-கீழாகவும் அதே அளவுக்குக் கிடைக்கும். போல்ட்டுகளில் வரும் 60 டிகிரி மரையில் அது பாதிக்குச் சற்று மேல்தான். அடிப்பக்கமும் இன்னும் படுக்கையாக இருக்கும். டப்பாவுக்கு அது வேண்டாம்.

உங்கள் டப்பாவுக்குக் கணக்கு இப்படி: பிட்ச் 4, மரை ஆழம் 1.2. இரண்டு சாய்வுகளுக்கு 2.4 போக மீதி 1.6, அதில் முகடு 0.8, பள்ளம் 0.8. டப்பாவின் மரை வெளிவிட்டம் 60, அடிவிட்டம் 57.6. மூடியில் ஒரு பக்கத்துக்கு 0.3 கூட்டினால் உள்விட்டம் 58.2, பள்ளத்தின் விட்டம் 60.6. இரண்டு மரையும் இன்னும் 0.9 மி.மீ. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அது போதும். நன்றாக ட்யூன் செய்த மெஷின் என்றால் 0.2 கூட ஓடும். இந்த இடைவெளியை மாடலிலேயே வையுங்கள், ஸ்லைசரில் ஸ்கேல் பண்ண வேண்டாம்.

மரையின் இரண்டு நுனிகளையும் சட்டென்று வெட்டாமல், 20-30 டிகிரி தூரத்துக்கு மெல்லத் தேய்ந்து முடிய விடுங்கள். மூடியைத் தலைகீழாக, வாய் மேலே இருக்கும்படி பிரிண்ட் செய்யுங்கள். முதல் லேயர் பிதுங்கினாலும் மரையைத் தொடாது.

இதற்கப்புறமும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை அதே இடத்தில் இடறினால் அது சீம், அதாவது ஒவ்வொரு லேயரும் தொடங்கி முடியும் இடத்தில் விழும் பிசிறு. ஸ்லைசரில் அதை Random வைத்தால் பிசிறு மரை முழுக்கப் பரவிவிடும்; Aligned வைத்து, அந்த ஒரு கோட்டை பிளேடால் சுரண்டிவிடுங்கள். தொடக்கத்திலிருந்தே எங்கும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் மட்டும் இடைவெளியை 0.05 கூட்டிப் பாருங்கள். சோதனைக்கு முழு டப்பாவை ஓட்டாதீர்கள், 12 மி.மீ. உயரக் கழுத்து வளையமும் அதற்கான மூடி வளையமும் போதும்.

உள்ளே எண்ணெயோ தண்ணீரோ வைப்பதாக இருந்தால் மரையை நம்ப வேண்டாம், அது கசியத்தான் செய்யும். டப்பா விளிம்பு அழுந்தும் இடத்தில், மூடிக்குள் ஒரு சிலிக்கோன் வளையம் வைக்கணும்.