இறங்கும்போதுதான் வலிக்கிறது: தசைவலி பற்றி மாணவர்கள் கேட்டவை

சனிக்கிழமை முதல் தடவையாக ஜிம்மில் ஸ்குவாட் போட்டேன் அக்கா, ஐம்பது அறுபது இருக்கும். அன்றைக்கு ஒன்றுமில்லை. திங்கட்கிழமை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் படி இறங்கினேன். ஏன் இவ்வளவு தாமதம்?

ஏறும்போது அவ்வளவாக வலித்திருக்காது, இறங்கும்போதுதான் உயிர் போயிருக்கும். காரணம் அதிலேயே இருக்கிறது. ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்குகிறது, பிரேக் பிடிக்கிற மாதிரி. எழும்போது போடும் வேலையைவிட இந்தப் பிரேக் வேலையில் குறைந்த இழைகளே இறங்குகின்றன. அதனால் ஒவ்வொன்றின் மேலும் சுமை கூடி, இழைக்குள் பலவீனமான இடங்கள் அளவுக்கு மீறி இழுபட்டுக் குலைந்துபோகின்றன.

அந்த நேரத்தில் அது உறைக்காது. பிறகு நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து கூடுகின்றன, லேசாக வீக்கம் வருகிறது, நரம்பு முனைகளைக் கூர்மையாக்கும் வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. இவ்வளவும் நடக்க மணிக்கணக்கில் ஆகும். அப்புறம் சாதாரணமாக அழுத்தினாலும் நீட்டினாலும் வலி. 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் போய்விடும்.

லாக்டிக் அமிலம் தேங்குவதுதான் காரணம் என்று படித்தேன். நடந்தால் கரைந்துவிடும், சரிதானே?

பாதி சரி. கடும் பயிற்சியின்போது லாக்டிக் அமிலம் கூடுவது உண்மை. ஆனால் அது ஒரு மணி நேரம் போல ஆனதும் பழைய அளவுக்கு வந்துவிடும். இரண்டு நாள் காத்திருந்து வலிக்க அது அங்கே இருக்காது. 1983-இல் வெளியான ஒரு ஆய்வில் சிலரைச் சமதளத்திலும் சரிவில் கீழ்நோக்கியும் ஓடவிட்டார்கள். சமதள ஓட்டத்தில்தான் லாக்டேட் ஏறியது. மறுநாள் வலி வந்ததோ சரிவில் ஓடியதற்குப் பிறகு.

நடந்தால் வலி குறைவதும் நிஜம்தான். ஆனால் நடக்கிற வரைக்கும்தான்.

எனக்கும் அதேதான் அக்கா. ஓடும்போதே முட்டிக்குக் கீழே ஒரு இடத்தில் சுரீர் என்கிறது. எத்தனை நாளில் போகும்?

உன்னுடையது அதே இல்லை தம்பி. ஸ்குவாட் போட்டவனுக்கு வந்த மாதிரி வலி பயிற்சி முடிந்து நேரம் கழித்து வரும், தசை முழுக்கப் பரவலாக, இரண்டு காலிலும் இருக்கும். ஓடும்போதே ஒரே புள்ளியில் குத்தினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டு.

நீட்சிப் பயிற்சி, ஐஸ், மசாஜ், மாத்திரை. எது உண்மையில் வேலை செய்யும்?

நீட்சியால் வலி குறைவது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். முன்னால் செய்தாலும் பின்னால் செய்தாலும் அப்படியே. மசாஜும் குளிர்நீரும் கொஞ்சம் ஆற்றும். மாத்திரை வலியை மறைக்கும், தசை சரியாகும் வேகத்தைக் கூட்டாது. அதனால் நான் சொல்வதில்லை.

நிஜமாகவே பலன் தருவது முன்கூட்டியே கொஞ்சமாகச் செய்த அதே பயிற்சி. ஒருமுறை இப்படி வலித்த தசை, அதே பயிற்சியை இரண்டு மூன்று வாரம் கழித்துச் செய்தாலும் பழைய அளவு வலிக்காது. லேசாகத் தொடங்கினாலும் இந்தப் பாதுகாப்பு ஓரளவு கிடைக்கும். முதல் கேள்வி கேட்ட தம்பி அறுபதுக்குப் பதிலாக எட்டு எட்டாக இரண்டு சுற்று போட்டுவிட்டு, நான்கு நாள் கழித்து மூன்று சுற்றுக்குப் போயிருந்தால் திங்கட்கிழமை நேராகவே படி இறங்கியிருப்பான்.

எலிகளில் இழை சிதையாமலே இந்த வலி வந்திருக்கிறது என்று படித்தேன். அப்படியென்றால் இழை குலைவதால்தான் வலி என்ற விளக்கம் தவறா?

நல்ல கேள்வி. தவறு இல்லை, முழுசு இல்லை. சேதமும் வலியும் ஒரே அளவில் கூடிக் குறைவதில்லை. தசையைச் சுற்றியுள்ள உறைதான் அதிகம் வலிக்கிறது என்போரும் உண்டு. இன்னும் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இதை வைத்தே ஒன்று சொல்லலாம்: வலிக்காவிட்டால் தசை வளரவில்லை என்று அர்த்தமில்லை.

வலியோடு சிறுநீர் கருத்துப் போனது என்று நண்பன் சொன்னான். தண்ணீர் நிறையக் குடித்தால் போதுமா?

போதாது. தசை பெருமளவில் சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும் நிலையாக இருக்கலாம். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, தசை வீங்கிக் கல்லாக இறுகிக் கிடந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போ. காலை வரை காத்திருக்க வேண்டாம்.