முகமாற்றத்துக்கு முன் இரு படங்களையும் பொருத்துவது எப்படி?

கேள்வி: இரண்டு படங்களையும் 1080 பிக்சல் அகலத்துக்கு மாற்றிவிட்டேன். ஆனாலும் ஒருவர் முகத்தை வெட்டி மற்றவர் படத்தில் வைத்தால் பெரிதாகவும் சாய்வாகவும் தெரிகிறது. ஜிம்ப் பயன்படுத்துகிறேன். எங்கே தவறு?

பதில்: படத்தின் அகலத்தை வைத்து முகத்தின் அளவைக் கணிக்க முடியாது. ஒரு படம் அருகிலிருந்தும் மற்றொன்று தள்ளி நின்றும் எடுக்கப்பட்டிருந்தால், அகலம் ஒன்றாக இருந்தும் முகங்கள் ஒத்துப்போகமாட்டா. இரு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஏற்கெனவே அளவு மாற்றிய கோப்புகளை ஒதுக்கிவிட்டு, மூலப் படங்களின் நகல்களிலிருந்து தொடங்குவது நல்லது.

ஜிம்பில் Measure கருவியை எடுத்து, படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, ஒரு கண்மணியின் நடுவிலிருந்து மறு கண்மணியின் நடுவுக்கு இழுத்தால், தூரமும் கோணமும் சாளரத்தின் அடியில் தெரியும். முகத்தை எடுக்கும் படத்தில் தூரம் 300 பிக்சல், படத்தின் வலப்புறக் கண் 6 பாகை தாழ்ந்திருக்கிறது என்றும், முகத்தை ஏற்கும் படத்தில் தூரம் 120 பிக்சல், அதே பக்கம் 2 பாகை தாழ்வு என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் நேராக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் ஏற்கும் படத்தின் கழுத்தும் தோளும் அந்த 2 பாகைச் சாய்வோடுதான் இருக்கின்றன. எனவே அதைத் தொடாமல், முதல் படத்தை மட்டும் Layer > Transform > Arbitrary Rotation வழியாக -4 பாகை, அதாவது இடஞ்சுழியாக, திருப்புங்கள். கோணம் தவறிவிட்டால் அதன்மேலேயே மீண்டும் திருப்பாமல், செய்ததை நீக்கிவிட்டுப் புதிதாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பலிலும் படம் சற்று மங்கும்.

அடுத்தது அளவு. 120-ஐ 300-ஆல் வகுத்தால் 0.4 வருகிறது; ஆகவே Image > Scale Image பகுதியில் அலகைச் சதவீதமாக்கி, அகல உயரச் சங்கிலி இணைந்திருக்கும்போது 40 என்று இடுங்கள். முகத்தை எடுக்கும் படத்தில்தான் கண்மணிகளின் தூரம் குறைவு என்றால், அந்தப் படத்தைப் பெரிதாக்காமல் ஏற்கும் படத்தைச் சிறிதாக்குங்கள். பெரிதாக்கிய முகம் சுற்றியுள்ள பகுதியைவிட மங்கலாகத் தெரிந்து ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே முகத்தை ஒட்டி வெட்டிவிட்டால், திருப்பும்போது மூலைகளில் உண்டாகும் வெற்றிடம் தாடையையோ நெற்றியையோ தொட்டுவிடும். நெற்றிக்கு மேலும் கழுத்துக்குக் கீழும் தாராளமாக இடம் விட்டே வெட்டுங்கள்.

இறுதியாக, கண்களை இணைக்கும் கோட்டிலிருந்து உதடுகள் சேரும் இடம் வரையிலான தூரத்தையும் இரு படங்களிலும் அளந்து பாருங்கள். ஒன்றில் 125, மற்றதில் 128 என்றால் கவலையில்லை. ஒன்றில் 125-உம் மற்றதில் 160-உம் வந்தால், பெரும்பாலும் ஒரு முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது அல்லது குனிந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இணையைத் திருப்பியோ சுருக்கியோ சரிசெய்ய இயலாது, வேறு படத்தைத்தான் தேட வேண்டும்.