இரண்டு கம்பெனியும் டிடிஎஸ் கணக்கு பார்த்த பிறகும் வரி பாக்கி வருவது எப்படி?

"வருட நடுவில் வேலை மாறினேன். புது கம்பெனி கொடுத்த ஃபார்ம் 16-ஐ வைத்து மட்டும் ரிட்டர்ன் போட்டேன். வரி குறைவு என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏன்?"

புது கம்பெனிக்கு உங்கள் பழைய சம்பளம் தெரியாது, அதனால்தான். 2024-25 நிதியாண்டு, புதிய வரிமுறை, மாதம் ஒரு லட்சம் சம்பளம், அக்டோபரில் மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். பழைய கம்பெனி முழு வருடத்துக்கும் 12 லட்சம் என்று கணக்கிட்டு, ஆறு மாதத்தில் பாதி வரியைப் பிடித்திருக்கும்: 35,750 ரூபாய். புது கம்பெனி கண்ணில் பட்டது 6 லட்சம்தான். அதில் 75,000 நிலைக்கழிவு போக 5.25 லட்சம், குறைந்த வருமானத்துக்கான 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யம். ஒரு பைசா பிடிக்கவில்லை.

சேர்த்துப் பார்த்தால் வரிக்குரியது 11.25 லட்சம். வரி, செஸ் சேர்ந்து 71,500. மீதிப் பாதி நீங்கள் கட்ட வேண்டியது. நிலைக்கழிவும் தள்ளுபடியும் ஆளுக்குத்தான், கம்பெனிக்கு ஒன்று கிடையாது.

உங்கள் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பழைய கம்பெனி கொடுத்த சம்பளமும் பிடித்த வரியும், வரி பிடிப்பவருக்கான அதன் டான் எண்ணோடு நிற்கும். துறையும் அதைத்தான் பார்க்கிறது. ரிட்டர்னைத் திருத்துவதற்கான கெடு தாண்டவில்லையென்றால், இரண்டு சம்பளத்தையும் காட்டி, பாக்கியை வட்டியோடு கட்டி, திருத்திய ரிட்டர்ன் போடலாம். முன்கூட்டியே வரி கட்டாததற்கான 234பி வட்டி, நிதியாண்டு முடிந்த ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு சதவீதம்; டிசம்பரில் கட்டினால் ஏறக்குறைய 3,200, அதன்மேல் தவணை தவறியதற்கான 234சி வட்டி கொஞ்சம். கெடு தாண்டிவிட்டால் ஐடிஆர்-யு என்ற தாமத ரிட்டர்ன்தான், அதற்குக் கூடுதல் வரி 25 சதவீதத்தில் தொடங்கும். துறை மதிப்பீடு தொடங்கியிருந்தால் அந்த வழியும் அடைபடக்கூடும். நோட்டீஸ் எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள்.

அடுத்த முறை சேர்ந்த வாரமே பழைய கம்பெனியின் சம்பள, டிடிஎஸ் விவரத்தை அதற்கான படிவத்தில், 2024-25-ல் அது 12பி, எழுதி எச்ஆரிடம் கொடுத்துவிடுங்கள்.