தேய்ந்த காலணிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசிப்புக் குழு மாதம் ஒருமுறை கோட்டூர்புரத்தில் கூடுகிறது. இந்த முறை டிக்கன்ஸின் ‘தி ஓல்டு க்யூரியாசிட்டி ஷாப்’. தாத்தாவோடு ஊர் ஊராக அலையும் சிறுமி நெல்லி இறந்துபோகும் அத்தியாயத்தில் அழுதுவிட்டேன் என்று நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். வாசகனை அழவைக்கவென்றே செய்த மலிவான வேலை அது என்றார் ஒருவர். நெல்லியின் மரணத்தைச் சிரிக்காமல் படிக்கக் கல் நெஞ்சு வேண்டும் என்ற ஆஸ்கார் வைல்டின் கிண்டலையும் எடுத்துப் போட்டார். ஆனால் டிக்கன்ஸ் தன் மைத்துனியைப் பறிகொடுத்த துக்கத்தோடு எழுதியது அது. உண்மையான துக்கத்திலிருந்து வந்த எழுத்து எப்படிப் பொய்யாகும்? நானும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிவில் ஒரு எட்டு வயதுக் குழந்தை இறக்கிறது. உருக்கம் எந்த இடத்தில் மிகையாகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

சிரித்தவர்களை விடுங்கள். வைல்டின் வாசகம் விருந்தில் எடுபடும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசும்போது அது எதற்கும் உதவாது. நானும் இப்போது அதே நாவலைத்தான் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

உங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அழுதேன் என்கிறீர்கள், எந்த வரியில் என்று சொல்லவில்லை. நாவல் எழுதுகிறவர் அதைக் கவனிக்காமல் விடலாமா? அந்த மைத்துனி மேரி ஹோகார்த் 1837இல், 17 வயதில், டிக்கன்ஸின் கைகளிலேயே இறந்தாள். 1841 ஜனவரியில் நெல்லியின் மரணத்தை எழுதும்போது, மேரி நேற்றுத்தான் இறந்தது போலிருக்கிறது என்று நண்பர் ஃபார்ஸ்டருக்கு எழுதினார். துக்கம் உண்மை, யாரும் மறுக்கவில்லை. நாளிதழில் வரும் நினைவஞ்சலி விளம்பரத்தில் இருக்கும் துக்கமும் உண்மைதான். ஆனாலும் நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம், ஏனென்றால் படத்தில் இருப்பவரை நமக்குத் தெரியாது. எழுதியவர் அழுதாரா என்பது அவருடைய சொந்த விஷயம். நமக்குத் தெரிந்த ஒருத்தியை அவர் நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாரா என்பதுதான் கேள்வி.

மரணத்துக்கு வெகுமுன்னால், 29, 30ஆவது அத்தியாயங்களுக்குப் போங்கள். மழைக்கு ஒதுங்கிய விடுதியில் தாத்தா சீட்டாட்டத்தைப் பார்க்கிறார். நெல்லியின் பணப்பையைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்து தோற்கிறார். உடையில் தைத்து வைத்திருந்த ஒரே பொற்காசை மாற்றித்தான் அவள் விடுதிக் கணக்கைத் தீர்க்கிறாள். அன்றிரவு அவள் அறைக்குள் ஓர் உருவம் பதுங்கிப் பதுங்கி வருகிறது. கட்டிலருகே வந்து, உடைகளைத் தடவி, மீதிக் காசை எடுத்துக்கொண்டு போகிறது. தாத்தாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவள் பின்னாலேயே போய்ப் பார்க்கிறாள். தாத்தாதான் உட்கார்ந்து அந்தக் காசை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் நடந்து போகும்போது, யாரோ என் பணத்தை எடுத்துவிட்டார்கள், விளையாட்டுக்கு எடுத்திருந்தால் சொல்லட்டும், நானும் சேர்ந்து சிரிப்பேன் என்கிறாள். அவருக்குத் தப்பிக்க ஒரு வழி திறந்து வைக்கிறாள். அவர் அதில் நுழையவில்லை. பணத்தை எடுப்பவன் வைத்துக்கொள்ளத்தான் எடுப்பான் என்கிறார். அப்புறம், வேறு எங்கேயாவது பணம் வைத்திருக்கிறாயா, எல்லாமே போய்விட்டதா என்று கேட்கிறார்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகை நான்கின்பாற் பிறக்கும் என்று சொல்கிறது: இளிவு என்னும் இழிவுபடுதல், இழவு, அசைவு என்னும் நிலைதாழ்தல், வறுமை. நம் உருக்கக் கதைகளுக்குத் தெரிந்ததெல்லாம் இழவும் வறுமையும்தான். ஆளைச் சாகடிப்பார்கள், இல்லையென்றால் பட்டினி போடுவார்கள். இந்த விடுதிக் காட்சியில் யாரும் சாகவில்லை. இங்கே நடப்பது இளிவும் அசைவும். ஒரு பெரியவர் தன் பழைய நிலையிலிருந்து விழுகிறார், அது தனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறாள் ஒரு குழந்தை. டிக்கன்ஸ் இந்த இடத்தில் யாரையும் அழச் சொல்லவில்லை.

இப்போது நீங்கள் அழுத 71ஆவது அத்தியாயம். இறந்துவிட்டாள் என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. அன்பானவள், சாந்தமானவள், பொறுமையானவள், மேன்மையானவள் என்று அடைமொழிகளை அடுக்குகிறார். இவை ஒவ்வொன்றும் நாமே வந்தடைய வேண்டிய முடிவு. அவரே சொல்லிவிட்டதால் நமக்கு வேலையில்லாமல் போகிறது. அடைமொழியாவது பரவாயில்லை, அடுத்த அத்தியாயத்தில் பிரசங்கமே செய்கிறார். கள்ளமற்ற இளையவர்களை மரணம் கொண்டுபோகும்போதெல்லாம் உலகத்தில் நூறு நற்குணங்கள் எழுகின்றனவாம். இதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அந்தப் பெண் சும்மா சாகவில்லை. தாத்தாவின் சூதாட்டத்திலிருந்து அவரைக் காப்பாற்ற ஊர் ஊராக இழுத்துக்கொண்டு நடந்து, பசியிலும் களைப்பிலும் உடம்பு உடைந்து செத்தாள். அது வாசகருக்குத் தெரியும். அவளைத் தேவதையாக்கி வானத்துக்கு அனுப்பியதும் யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது. மிகையான சொற்களைக்கூட ஒரு காலத்து வழக்கம் என்று தள்ளிவிடலாம். ஆனால், ‘இது ஏன் நடந்தது?’ என்ற கேள்வியை அழுகை மறைத்துவிட்டால் அங்கே நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள். நன்றாக அழுது முடித்த பிறகு யார் மேலும் எந்தக் கோபமும் மிஞ்சவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் அதே 71ஆவது அத்தியாயத்தில் தாத்தா அவளுடைய தேய்ந்த காலணிகளை எடுத்துக் காட்டுகிறார். பிஞ்சுக் கால்கள் வெறுந்தரையில் பட்ட இடம் இது, கற்கள் கிழித்திருந்தன என்று பிற்பாடுதான் எனக்குச் சொன்னார்கள், அவள் சொல்லவே இல்லை என்கிறார். நொண்டுவது என் கண்ணில் படக்கூடாது என்று எனக்குப் பின்னால் நடந்து வந்திருக்கிறாள், இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்கிறார். எனக்கு இந்த இடத்தில் படிப்பதை நிறுத்த வேண்டியிருந்தது. காசு போனதை மறைத்த அதே பெண்தான் காலையும் மறைத்திருக்கிறாள். சொல்வதோ காசைத் திருடியவர். கிழவர் வாயாலேயே கணக்கு வந்துவிட்டது. நீங்கள் அழுதது இந்த இடத்தில் என்றால் உங்கள் குழுவில் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

திருவல்லிக்கேணியில் இருந்த என் அத்தை மூர் மார்க்கெட்டில் வாங்கிய பைண்டு தொடர்கதைகளாகப் படித்துத் தள்ளுவாள். சாவு வரும் அத்தியாயத்தை வேகமாகப் புரட்டிவிடுவாள். ‘அதான் தெரிஞ்சதாச்சே’ என்பாள். ஒரு கதையில், வேலை போனதைச் சொல்லாமல் கணவன் தினமும் டிபன் டப்பாவோடு கிளம்பிப் போவான், அது தெரிந்தும் மனைவி தினமும் சாதம் கட்டிக் கொடுப்பாள். அந்தப் பக்கத்தை மட்டும் அத்தை என்னை உரக்கப் படிக்கச் சொல்வாள், ஒவ்வொரு தடவையும் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். கதை யார் எழுதியது என்றுகூட அவளுக்கு நினைவிருக்காது. பெரிய படிப்பு கிடையாது, ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். நான் படித்த விமர்சகர்கள் பலரைவிட அவள் காது கூர்மையானது.

சரி, உங்கள் நாவல். எட்டு வயது என்பதையும், சாகிறது என்பதையும் தவிர அந்தக் குழந்தையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூட எழுதவில்லை நீங்கள். கோபம் வந்தால் என்ன செய்யும், பொய் சொல்லுமா, தம்பியிடம் எதைப் பிடுங்கிக்கொள்ளும்? மரணக் காட்சியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதற்கு வெகுமுன்னால் ஒரு சாதாரண நாளை எழுதுங்கள். அன்றைக்கு அந்தக் குழந்தை பெரியவர்களில் ஒருவரிடம் எதையோ மறைக்க வேண்டும், ஏன் மறைக்கிறது என்பதை நீங்கள் எங்கும் விளக்கக்கூடாது. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். அந்த அத்தியாயத்தை மட்டும் அனுப்பினால் போதும்.