கிளினிக் கொப்பியில் எழுதப்படாத மூன்று சரக்கு

கேள்வி: அம்மாவுக்கு இதய வால்வு மாற்றி, இரத்தம் கட்டி பிடிக்காமல் இருக்க வார்பரின் குடிக்கிறா. முழங்கால் நோவுக்கு மஞ்சளும் உள்ளியும் இஞ்சியும் கைமருந்தாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். தினமும் கறியில் போடுகிற சாமான்தானே, இதில் என்ன பயம்?

உங்கள் அம்மா இதைப் பற்றிக் கிளினிக்கில் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டா என்று நினைக்கிறேன். என் அம்மாவும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, உள்ளியை மருந்து என்று அவ நினைக்கவே இல்லை.

நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்ல வந்தவன் என்று யாரும் தொடங்க வேண்டாம். என் அப்பு பரியாரியார். வன்னிக்குள் பனடோல் குளிசைக்கும் தட்டுப்பாடு இருந்த தொண்ணூறுகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஆட்கள் வரிசையாக இருந்து மருந்து வாங்கிப்போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த அப்புவே மருந்து கொடுக்க முதல், "வேறை என்ன குடிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் உரலைத் தொடுவார். அதை நாங்கள் மறந்துபோனதுதான் நடந்தது.

நாங்கள் விசுவமடுப் பக்கம். அம்மாவுக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து, அது இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. 2014இல் கொழும்பில் உலோக வால்வு போட்டார்கள். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு 4 மில்லிகிராம் வார்பரின், 3 ஒன்றும் 1 ஒன்றும். ஐஎன்ஆர் 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும் என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. சாதாரண ஆளுக்கு 1 அளவில் இருக்கும். அம்மாவுக்குப் பல வருடமாக 2.8, 3.0, 3.1 என்று ஒழுங்காக இருந்தது.

2023 மாரியில் மூன்று விஷயம் ஒரே கிழமைக்குள் வந்து சேர்ந்தன. ரொறொன்ரோவில் இருக்கும் அக்கா முழங்கால் நோவுக்கென்று மஞ்சள் கப்சூல் போத்தல் ஒன்றை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டா. பக்கத்து வீட்டு மாமி, கொழுப்புக் குறைய விடியக் காலையில் வெறும் வயிற்றில் ஐந்து பல்லு உள்ளி தேனில் ஊறவைத்துச் சாப்பிடச் சொன்னா. மழைக் குளிருக்குச் சளி பிடித்ததால் நான்தான் இரண்டு வேளை இஞ்சிக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தேன். ஆம், அந்த மூன்றில் ஒன்று என் கையால் கொடுத்தது.

மூன்றாவது கிழமை அம்மாவின் முன்கையில் நீலக் கண்டல் ஒன்று தெரிந்தது. எங்கே அடிபட்டது என்று கேட்டால் தெரியாது என்றா. அடுத்த நாள் பல்லு விளக்கும்போது முரசிலிருந்து இரத்தம். "வயசு போனால் முரசு கரையும்தானே" என்று துப்பிவிட்டுப் போனா. அதற்கு அடுத்த நாள் இரவு மூக்கால் வடியத் தொடங்கி, மூக்கைப் பொத்திப் பிடித்தும் முக்கால் மணித்தியாலமாக நிற்கவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஐஎன்ஆர் 8.4.

பெயர் சொல்லாமல் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கிளினிக்கில் ஒன்பது வருடத்தில் ஒருவரும் அம்மாவிடம் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதில்லை. அவர்களை முழுதாகக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை, ஒரு டொக்டருக்கு முன்னால் காலையில் நூறு கொப்பி. ஆனால் இரத்தம் குத்தும் நாளில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருவில் நிற்கும் அறுபது வயது மனுசியைக் கண்டும் காணாததுபோல், பின்னால் வரும் பஸ்ஸுடன் ஓட்டப்போட்டி போட்டுக்கொண்டு நிறுத்தாமல் போகிறார்களே பஸ்காரர், அவர்களை என்னால் மன்னிக்க முடியாது. அம்மா இரண்டு மாதம் பரிசோதனைக்குப் போகாமல் விட்டதற்கு அந்தப் பஸ்களும் காரணம். போயிருந்தால் எண் ஏறுவது ஒருவேளை முன்னரே தெரிந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வார்ட்டில் இருந்த டொக்டர், அக்கா அனுப்பிய போத்தலைக் கையில் வாங்கி, லேபிளைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மஞ்சள் தூளில் குர்குமின் கிட்டத்தட்ட நூற்றுக்கு 3 பங்குதான். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம். அந்தக் கறியை நான்கு பேர் பங்கிட்டால் அம்மாவின் வயிற்றுக்குப் போவது இருபத்திச் சொச்சம். கப்சூல் ஒன்று 500 மில்லிகிராம், அதில் நூற்றுக்கு 95 குர்குமின், அம்மா குடித்தது இரண்டு. அதாவது 950. கறியில் கிடைப்பதைப் போல நாற்பது மடங்கு. அதோடு லேபிளின் கடைசி வரியில் மிளகுச் சத்து என்றும் இருந்தது. குர்குமின் தனியாகப் போனால் உடம்பு அதை அதிகம் உறிஞ்சாது. மிளகில் இருக்கும் பிப்பரின் சேர்ந்தால் இரத்தத்தில் சேரும் அளவு பல மடங்கு ஏறும். பெங்களூரில் செய்து 1998இல் வெளியான ஆய்வு ஒன்று அதை 20 மடங்கு என்று கண்டது. கறியில் போடுகிற சாமான்தானே என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்தக் கணக்குத்தான்.

வார்பரின் என்ன செய்கிறது? இரத்தம் உறைய உதவும் சில புரதங்களை ஈரல் விற்றமின் கே-யை வைத்துத்தான் செய்கிறது. அந்த விற்றமினை உடம்பு திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழியை வார்பரின் அடைத்துவிடுகிறது. பிறகு அந்த வார்பரினையே ஈரலில் இருக்கும் சிஒய்பி2சி9 என்ற நொதியம் உடைத்து வெளியே தள்ளும். தள்ளுகிற வேகத்தைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு 4 மில்லிகிராம் என்று அளந்திருக்கிறார்கள். செறிவான மஞ்சள் சத்து அந்த நொதியத்தை மந்தமாக்கலாம் என்று ஆய்வுகூடப் பரிசோதனைகள் காட்டுகின்றன. நொதியம் மந்தமானால் அதே 4 மில்லிகிராம் உடம்பில் தேங்கி, 6 குடித்தது போல் வேலை செய்யும். நியூசிலாந்தில் மஞ்சள் கப்சூல் தொடங்கிய வார்பரின் நோயாளி ஒருவரின் ஐஎன்ஆர் சில கிழமைகளில் 10க்கு மேல் போனதைச் சொல்லி அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018இல் எச்சரிக்கை விட்டது.

உள்ளி வேறு வழியால் வருகிறது. காயம் பட்டதும் முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொள்பவை குருதிச் சிறுதட்டுகள். அவை ஒட்டுவதை உள்ளியின் சத்து குறைக்கிறது. எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது இதுதான், ஏனென்றால் ஐஎன்ஆர் சிறுதட்டுகளை அளப்பதில்லை. எண் 3.0 என்று அழகாக இருக்கும்போதே உள்ளியால் இரத்தம் கசியலாம். அதே சிறுதட்டுகளைத் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிரல் குடிக்கிற ஆட்களுக்கு வார்பரின் இல்லாவிட்டாலும் இந்தக் கவலை இருக்கிறது. பல்லுப் பிடுங்கவோ சத்திரசிகிச்சைக்கோ ஒரு கிழமைக்கு முன்னரே உள்ளி மருந்தை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான்.

இஞ்சியைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதுவும் சிறுதட்டுகளைத் தொடும் என்கிறார்கள், ஆனால் சுகதேகிகளுக்கு இஞ்சியும் வார்பரினும் கொடுத்துப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அம்மாவுக்கு எது செய்த வேலை என்று டொக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் மூன்றையும் ஒரே கிழமையில் தொடங்கியிருந்தோம். அவருடைய சந்தேகம் கப்சூல் மேல்தான்.

வார்பரினை நிறுத்திவைத்து, விற்றமின் கே மிகக் கொஞ்சமாக வாயால் கொடுத்தார்கள். ஏன் கூடக் கொடுக்கவில்லை என்று நான் சண்டைக்குப் போனேன். கூடக் கொடுத்தால் பிறகு வார்பரின் நாட்கணக்கில் பிடிக்காது, உலோக வால்வில் இரத்தக் கட்டி பிடித்துவிடும் என்றார் டொக்டர். இரண்டாம் நாள் 4.1, நான்காம் நாள் 2.9. பழைய 4 மில்லிகிராமையே திரும்பத் தொடங்கி வீட்டுக்கு விட்டார்கள்.

அப்புறம் நாங்கள் செய்த பிழை முதல் பிழையை விடப் பெரியது. பயத்தில் அம்மாவுக்கு ரசத்தையும் நிறுத்தினோம், கறியில் உள்ளியையும் நிறுத்தினோம். இரத்தம் போன உடம்பு என்று தம்பி ஒவ்வொரு நாளும் வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும் செய்து கொடுத்தான். கீரைகளில் விற்றமின் கே நிறைய. இரண்டு கிழமையில் ஐஎன்ஆர் 1.6. மூக்கால் இரத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியும், வால்வில் கட்டி பிடிப்பது தெரியாது. அது பிய்ந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம். எண் 2.5க்கு மேல் வரும்வரை, கட்டி பிடிக்காமல் இருக்க அம்மாவுக்கு வயிற்றில் ஊசி போட்டார்கள். கீரை சாப்பிட வேண்டாம் என்று அன்றும் சொல்லவில்லை. கிழமைக்கு எத்தனை நாள் என்று ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், மருந்தை அதற்கேற்றபடி நாங்கள் அளக்கிறோம் என்றார்கள். இப்போது எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் கீரை, ரசம் வழக்கம்போல, கறியில் மஞ்சள் வழக்கம்போல.

இயற்கையானது எப்படிக் கெடுதல் செய்யும் என்று கீழே வந்து கேட்பவர்களுக்கு: இந்த வார்பரினின் கதையே பழுதான புல்லில்தான் தொடங்குகிறது. பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் தின்ற அமெரிக்க மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்ததைத் தேடிப்போன இடத்தில்தான் இந்த மருந்தின் மூலப்பொருளைக் கண்டார்கள்.

உங்கள் அம்மா இன்னும் தொடங்கவில்லை என்றால் கப்சூலும் வெறும் வயிற்று உள்ளியும் வேண்டாம், சமையலில் போடுவதை மாற்ற வேண்டாம். முழங்காலுக்குக் கடையில் நோவுக் குளிசை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், டைக்ளோபினாக் போன்றவை வார்பரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் வரலாம். கிளினிக்கிலேயே கேளுங்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்டா என்றால் போத்தலையும் கொண்டு இந்தக் கிழமைக்குள் போய் ஐஎன்ஆர் பாருங்கள், நிறுத்துவதையும் அவர்களிடம் சொல்லியே நிறுத்துங்கள். நேற்றுக் குடித்தா, இன்று ஒன்றும் நடக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள். இந்த மாற்றம் எண்ணில் தெரியச் சில நாள், சில வேளை கிழமைகள் எடுக்கும். மலம் தார்போலக் கறுப்பாகப் போனாலோ, சலம் சிவந்தாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்காமல் அன்றிரவே வார்ட்டுக்குக் கொண்டுபோங்கள், கையில் கொப்பி இருக்கட்டும்.