செயின் சத்தமும் வண்டி வெட்டி இழுப்பதும்: இறுக்கியும் தீரவில்லை என்றால்

கேள்வி: பெருந்துறையில் இருந்து தினமும் காங்கேயம் போய் வருகிறேன். செயின் கடகடவென்று சத்தம், ஆக்ஸிலேட்டரை விட்டுத் திருப்பினால் வண்டி வெட்டி இழுக்கிறது. இரண்டு முறை செயினை இறுக்கியும் தீரவில்லை. ஏன்?

பதில்: செயின் ஒரே சீராகத் தேயவில்லை என்று நினைக்கிறேன். எண்ணெய் வறண்டால் சில கண்ணிகள் அதிகம் தேய்ந்து நீளும், சில துருப்பிடித்து விறைக்கும். அப்புறம் தொய்வு இடத்துக்கு இடம் மாறும்.

எஞ்சினை அணைத்து, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, நாலைந்து இடத்தில் கீழ்ச் செயினின் நடுவைத் தூக்கிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் சரி, உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கும். ஓரிடத்தில் 25, இன்னோரிடத்தில் 45 வந்தால் அதுதான் கோளாறு. தொய்ந்த இடத்தை வைத்து இறுக்கினால், இறுகிய இடம் கம்பியாக விறைத்து பேரிங்கைத் தின்னும். எப்போதும் இறுகிய இடத்தில்தான் அளவு வையுங்கள்.

முதலில் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, 90 கியர் ஆயிலைக் கண்ணிகளுக்குள் இறங்கும்படி விடுங்கள். மேலே கிரீஸ் அப்பினால் உள்ளே போகாது, நம்ம ஊர்ச் செம்மண்தான் ஒட்டும். விறைத்த கண்ணி இளகினால் பிழைத்தீர்கள்.

இளகாவிட்டால், பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினை வெளியே இழுங்கள். பாதிப் பல் தெரிந்தாலோ, பற்கள் கொக்கிபோல் சாய்ந்திருந்தாலோ செட்டாக மாற்றுங்கள். செயின் மட்டும் மாற்றினால், பழைய பல் புதுச் செயினையும் சீக்கிரமே தின்றுவிடும்.